எங்கள் கணக்கக்கா

(கூட்டமைப்பின் கணக்காளர் அக்கா பணி நிறைவு பெற்றதையொட்டி நடந்த பிரிவு உபசார விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

மேடையில் இருக்கும் நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் தலைவி அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் மேடம் அவர்களே, 18 குழுக்களிலிருந்தும் களையெடுப்பையும் நூறு நாள் வேலையையும் விட்டுட்டு வந்திருக்கும் அக்கா தங்கச்சிகளே, உங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. அதனால எழுதிக்கொண்டு வந்திருக்கேன். அக்காவைப் பற்றிப் பேசப் போறேன்னு தெரிஞ்சதும் அக்காவே என்னைக் கூப்பிட்டு, "ரொம்பப் புகழாதே கண்ணு, சாயங்காலம் எல்லாரும் போய் மாட்டைப் பிடிச்சுக் கட்டணும்"னு சொல்லிட்டாங்க. புகழலை அக்கா. நடந்ததை மட்டும் சொல்றேன்.

இந்த அக்காவுக்கு ரேஷன் கார்டில் ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரைச் சொல்லி பாங்கில் மட்டும்தான் கூப்பிடுவாங்க. ஊருக்கு இவங்க கணக்கக்கா. சின்னப் பிள்ளைங்க கூட "கணக்கக்கா வீடு எது"ன்னு கேட்டா கை காட்டும்.

நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதல்முதலா மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பிச்சாங்க. அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்தோட சேர்ந்து இருந்தது. அப்புறம்தான் மகளிர் திட்டம்னு எல்லா மாவட்டத்துக்கும் போச்சு. நம்ம ஊருக்குக் குழு வந்தது கொஞ்சம் தாமதமாத்தான். அக்கா 1998-ல் சேர்ந்தாங்க. மாசம் 20 ரூபாய் சேமிப்பு. குழுவில் 15 பேர், கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க மூணு பேர், கூட்டல் போடத் தெரிஞ்சவங்க இவங்க ஒருத்தர். படிச்சது எட்டாவது. ஆனா கணக்கு பள்ளிக்கூடத்தில் வந்தது இல்லையாம். அவங்க அப்பா புளி எடை போடுற களத்தில் வேலை பார்த்திருக்கார். ஒவ்வொரு மூட்டைக்கும் சுவத்தில் கரியால் ஒரு கோடு போடுறது இவங்க வேலை. நாலு கோடு, அஞ்சாவது குறுக்கே. சாயங்காலம் வியாபாரி சொல்ற மூட்டையும் சுவத்துக் கோடும் ஒத்துப் போகலைன்னா அப்பா கூலி வாங்காம நிப்பாராம். "கோடு எங்கப்பா பக்கம் பேசும்"னு அக்கா சொல்வாங்க.

நான் 2009-ல் இந்த ஊருக்கு மருமகளா வந்தேன். வந்த மூணாவது மாசம் மாமியார் குழுக் கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அன்னைக்கு நடந்ததை இன்னும் எங்க வீட்டில் சொல்லிச் சிரிப்போம். எங்க மாமியாருக்கு அன்னைக்கு 50 ரூபாய் குறைஞ்சது. "நாளைக்குக் காலையில கொண்டாந்து தரேன், கட்டினதா எழுதிக்கோ"ன்னு சொன்னாங்க. ஊரில் மூத்தவங்க, அக்காவுக்கு முறைக்குச் சின்னம்மா. அக்கா தலையைக் கூடத் தூக்கலை. "நாளைக்குக் கொண்டாங்க சின்னம்மா, நாளைத் தேதி போட்டு எழுதறேன்"னு சொல்லிட்டு அந்தக் கட்டத்தில் பாக்கி 50-ன்னு எழுதினாங்க. மாமியாருக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு மாசம் அக்கா கூடப் பேசலை. கோயில் திருவிழாவில் எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்குவாங்க. ஆனா மறுநாள் காலையில 50 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தாங்க. எழுதின பாக்கி எழுதின பாக்கிதானே.

கூட்டம் முடிஞ்சதும் நோட்டில் கடைசி வரிக்குக் கீழே காலியா இருக்கிற இடத்தில் அக்கா ஸ்கேல் வச்சு ஒரு குறுக்குக் கோடு போடுவாங்க. எனக்கு அது அப்போ வினோதமா இருந்தது. பேப்பர் வீணாகுதேன்னு நினைச்சேன். கேட்டதுக்கு, "காலி இடம் இருந்தா அப்புறமா யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதலாம். நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத ஒரு வரி இருக்கக் கூடாது"ன்னு சொன்னாங்க. இப்போ 18 குழு நோட்டிலும் அந்தக் கோடு இருக்கு. போய்ப் பாருங்க.

அடுத்தது புளியங்கொட்டைக் கதை. இது பாதிப் பேருக்குத் தெரியும். புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன்.

பத்து வருஷம் முன்னாடி ஒரு தனியார் கம்பெனியிலிருந்து பைக்கில் ஒரு தம்பி வந்தார். பேரு வேண்டாம். பத்துப் பேரைச் சேர்த்து உட்கார வச்சு, "பத்தாயிரம் ரூபாய் தரோம், பத்து மாசம், நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய்தான் வட்டி"ன்னு சொன்னார். நம்ம குழுவிலும் உள்கடனுக்கு நூத்துக்கு ஒரு ரூபாய்தான் வட்டி. அப்போ ரெண்டும் ஒண்ணுதானேன்னு எல்லாருக்கும் தோணும். எங்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்ணிக்கு ரெண்டு வெள்ளாடு வாங்கணும். குழுவில் அந்த மாசம் கையிருப்பு ஆறாயிரம்தான் இருந்தது. கம்பெனிக்காரர் நாளைக்கே பத்தாயிரம் தரேன்கிறார். அண்ணி அங்கே போகலாம்னு முடிவு பண்ணிட்டாங்க.

அக்கா போகாதேன்னு சொல்லலை. புளியமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து பத்துப் புளியங்கொட்டையை வரிசையா வச்சாங்க. ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய். "இது நீ வாங்கின கடன். மாசம் ஒரு கொட்டை நீ திருப்பிக் கட்டற. நம்ம குழுவில் முதல் மாசம் பத்துக் கொட்டையும் உன்கிட்ட இருக்கு, வட்டி 100 ரூபாய். ஒண்ணு கட்டிட்டே, எடுத்துட்டேன். இப்போ உன்கிட்ட இருக்கிறது ஒன்பது. வட்டி எவ்வளவு?" அண்ணி "90"ன்னாங்க. அடுத்த கொட்டையை எடுத்தாங்க, 80. இப்படியே எடுத்து எடுத்து, கடைசிக் கொட்டைக்கு 10 ரூபாய். எல்லாத்தையும் கூட்டினா பத்து மாசத்துக்கு வட்டி 550 ரூபாய்.

அப்புறம் மறுபடியும் பத்துக் கொட்டையை வச்சாங்க. "இப்போ கம்பெனி கணக்கு. முதல் மாசம் 100. ஒரு கொட்டை கட்டிட்டே. ரெண்டாவது மாசம் அவர் அட்டையில் என்ன போட்டிருக்கார் பாரு." அட்டையில் ரெண்டாவது மாசமும் 1,100. மூணாவது மாசமும் 1,100. பத்தாவது மாசமும் 1,100. அதாவது, கடைசி மாசம் கையில் ஒரே ஒரு கொட்டைதான் இருக்கு, ஆனா பத்துக் கொட்டைக்கும் வட்டி கட்டறோம். மொத்த வட்டி 1,000 ரூபாய். நம்ம குழுவை விட 450 ரூபாய் அதிகம். அதுக்கு மேல முன்கூட்டியே பிடிக்கிற கட்டணம், இன்சூரன்ஸ் வேற. "நூத்துக்கு ஒரு ரூபாய்னு அவர் சொன்னது பொய் இல்லை. ஆனா திருப்பிக் கொடுத்த காசுக்கும் சேர்த்து வட்டி வாங்கறார். நம்ம கணக்கில் பார்த்தா அது ஒரு வட்டி இல்லை, ஒண்ணே முக்கால் வட்டி"ன்னு சொன்னாங்க.

அண்ணி கொட்டையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் குழுவில் இருந்த ஆறாயிரத்தை வாங்கி ஒரு ஆடு பிடிச்சாங்க. அடுத்த ஆட்டுக்காரர் கிட்ட ஒரு மாசம் தவணை கேட்டு, மறு மாசம் மீதி நாலாயிரத்தைக் குழுவிலேயே வாங்கினாங்க. எல்லாருக்கும் அப்படிக் காத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிச் செலவுன்னா ராத்திரியே காசு வேணும். அந்த நேரத்தில் கம்பெனியில் வாங்கினவங்களை அக்கா ஒரு நாளும் ஏசினது இல்லை. "வாங்கு, ஆனா தெரிஞ்சு வாங்கு. அட்டையில் மாசாமாசம் வட்டி குறையுதா, அப்படியே நிக்குதான்னு பாரு. அது ஒண்ணு போதும்"னு சொல்வாங்க. இப்போ ரிசர்வ் பாங்க் 2022-ல் விதி கொண்டுவந்து, இந்த மாதிரிக் கடன் கொடுக்கிற எல்லாரும் ஆண்டு வட்டி இவ்வளவு, கட்டணம் இவ்வளவுன்னு நமக்குப் புரியுற மொழியில் எழுதிக் கொடுக்கணும்னு சொல்லியிருக்கு. கேட்டு வாங்கிப் படிங்க.

2020 ஊரடங்கில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். கடன் தவணையை முதல்ல மூணு மாசம், அப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் கட்ட வேண்டாம்னு அறிவிச்சாங்க. தெருவில் அது "கடன் தள்ளுபடி"ன்னு பரவிடுச்சு. அக்கா முந்தானையை முகத்தில் சுத்திக்கிட்டு ஒவ்வொரு வாசல்லயும் தள்ளி நின்னு, "தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு. இருபதாயிரம் பாக்கி இருக்கிறவங்களுக்கு நூத்துக்கு ஒரு ரூபாய்னு வச்சாக் கூட மாசம் 200 ரூபாய் வட்டி ஏறிக்கிட்டுத்தான் இருக்கும், ஆறு மாசத்துக்கு 1,200. சாப்பாட்டுக்கு இல்லாதவங்க கட்டாதீங்க. காசு இருக்கிறவங்க கட்டிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. யார்கிட்டயும் வசூல் பண்ணலை. சொன்னது மட்டும்தான்.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். 1,800 ரூபாய் விஷயம். சம்பந்தப்பட்ட அக்கா இன்னைக்கு இங்கே மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. "பேரு சொல்லாதே, கதையைச் சொல்லு"ன்னு அவங்களே சொல்லி அனுப்பினாங்க. அவங்க சம்மதத்தோட சொல்றேன்.

அந்தக் குழுவில் 12 பேர். அந்த அக்கா அதில் ரெண்டாவது பிரதிநிதி. வீட்டுக்காரர் இல்லை, ரெண்டு பிள்ளைங்க, கூலி வேலை. கூட்டத்தில் வசூலாகிற பணத்தில் அங்கேயே உள்கடன் கொடுத்துட்டு, மீதியைப் பாங்கில் கட்டிட்டு வர்றது இவங்க வேலை. அந்தக் குழுவில் ரெண்டு குறை இருந்தது. கூட்டம் முடிஞ்சதும் கையிருப்பை எண்ணி நோட்டில் எழுதுற பழக்கம் இல்லை. பாங்கில் பணம் கட்டின சலான் துண்டை நோட்டில் ஒட்டி வைக்கிற பழக்கமும் இல்லை. நாலு மாசமா பாஸ்புக்கும் பதிவு பண்ணலை. அப்புறம் பாங்குக் கடனுக்கு மனுக் கொடுக்கறதுக்காக வரவு செலவைப் பார்க்கும்போது, நோட்டுப்படி இருக்க வேண்டியதுக்கும், பாங்கில் இருக்கிறது, பெட்டியில் இருக்கிறது ரெண்டையும் கூட்டினதுக்கும் 1,800 ரூபாய் வித்தியாசம். நோட்டில் அதிகம், கையில் குறைவு.

பணத்தைக் கையில் கொண்டுபோனது யாரு? அந்த அக்கா. அவ்வளவுதான். யாரும் நேரா "நீ எடுத்தே"ன்னு சொல்லலை. ஆனா தண்ணி பிடிக்கப் போனா பேச்சு நின்னு போகும். அவங்க பெரிய பொண்ணு வயசுக்கு வந்து சீர் பண்ணின வருஷம் அது. "சீருக்கு எங்கிருந்து காசு வந்துச்சோ"ன்னு ஒருத்தர் சொன்னது அவங்க காதில் விழுந்துடுச்சு. நாத்தனார் வீடு வரைக்கும் சேதி போயிடுச்சு. கடைசியில் ஒரு நாள் ராத்திரி அந்த அக்கா காதில் இருந்த தோட்டைக் கழட்டி ஒரு தாளில் மடிச்சு, கணக்கக்கா வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்தாங்க. "இதை அடகு வச்சு அந்த 1,800-ஐக் கட்டிடறேன், இந்தப் பேச்சு நின்னாப் போதும்"னாங்க.

நான் அப்போ அக்கா வீட்டில்தான் இருந்தேன், எங்க குழு நோட்டைச் சரி பார்க்கப் போயிருந்தேன். அக்கா அந்தத் தாளைக் கையில் கூட வாங்கலை. "நீ இதைக் கட்டினீன்னா எடுத்தது நீதான்னு ஆயிடும். தோட்டைக் காதில் போடு. நாளைக்கு நோட்டு எல்லாத்தையும், 12 பேரோட தனிநபர் பாஸ்புக்கையும் கொண்டுவரச் சொல்லு"ன்னு சொல்லிட்டாங்க.

மறுநாள் மத்தியானம் ஆரம்பிச்சோம். அக்கா எடுத்ததும் நோட்டைப் புரட்டலை. ஒரு தாளில் 1,800-ன்னு எழுதி, அதைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. முதல்ல பக்கத்துக் கூட்டலை எல்லாம் மறுபடி போடச் சொன்னாங்க. கூட்டல் சரி. அப்புறம் பாதியைப் பார்த்தாங்க. 1,800-ல் பாதி 900. வரவில் எழுத வேண்டிய 900-ஐ செலவிலயோ, செலவில் எழுத வேண்டியதை வரவிலயோ மாத்தி எழுதியிருந்தா வித்தியாசம் ரெண்டு மடங்கா, 1,800-ஆ வரும். 900 ரூபாய்க்கு ஒரே ஒரு பதிவு இருந்தது. அதுவும் சரியான பக்கத்தில்தான் இருந்தது.

அதுக்கு அப்புறம்தான் ஒன்பதுக்கு வந்தாங்க. "1,800-ல் இருக்கிற எண்ணைக் கூட்டு. ஒண்ணும் எட்டும் ஒன்பது. வித்தியாசம் ஒன்பதால் மிச்சம் இல்லாம வகுபட்டா, எங்கேயோ ரெண்டு எண் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம்"னு சொன்னாங்க. எனக்குப் புரியலை. உடனே 12-ம் 21-ம் எழுதிக் காட்டினாங்க. வித்தியாசம் 9. 47-ம் 74-ம், வித்தியாசம் 27, மூவொன்பது. எந்த எண்ணை மாத்திப் போட்டாலும் ஒன்பதோட மடங்காத்தான் வரும். வீட்டுக்குப் போய் நீங்களும் போட்டுப் பாருங்க.

அடுத்தது இன்னும் கிட்டப் போனாங்க. 1,800-ங்கிறது 900-ஐப் போல ரெண்டு மடங்கு. அப்படின்னா இடம் மாறினது ஆயிரம் ஸ்தானமும் நூறு ஸ்தானமும், அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில் வித்தியாசம் ரெண்டு. "வரவுப் பக்கத்தில் 3,100, 4,200, 5,300, 6,400, இந்த மாதிரி இருக்கிற தொகையை மட்டும் தேடுங்க. மத்ததைத் தொடாதீங்க"ன்னாங்க. நாலு மாசப் பதிவில் அப்படி மூணே மூணு தொகைதான் இருந்தது. முதல் தொகை 4,200. அந்த உறுப்பினர் பாஸ்புக்கிலும் 4,200. ரெண்டாவது தொகை 5,300. அந்த உறுப்பினர் பாஸ்புக்கைத் திறந்தா 3,500!

அங்கே இருந்தவங்க எல்லாரும் கத்திட்டோம். அக்கா மட்டும் கத்தலை. "இருங்க. ஒன்பது வழி காட்டும், சாட்சி சொல்லாது. ஒருத்தர் உண்மையிலேயே 1,800 எடுத்திருந்தாலும் ஒன்பதால் வகுபடும்தான். மூணாவது தொகையையும் பாருங்க, அப்புறம் அந்த உறுப்பினரைக் கூப்பிடுங்க"ன்னு சொன்னாங்க. மூணாவது தொகை பாஸ்புக்கோடு ஒத்துப் போச்சு. உறுப்பினர் வந்தாங்க. அவங்க வாங்கின கடன் 15,000. அன்னைக்கு 3,500 கட்டினதில் அவங்க பாஸ்புக்கில் பாக்கி 11,500. குழுப் பேரேட்டில் 5,300 கழிச்சுப் பாக்கி 9,700-ன்னு இருக்கு. அந்தம்மா நினைச்சிருந்தா, "ஆமா, 5,300 கட்டினேன், பாஸ்புக்கில்தான் தப்பா எழுதிட்டாங்க"ன்னு சொல்லியிருக்கலாம். 1,800 ரூபாய் லாபம். ஆனா அவங்க, "கடலைக்காய் வித்த காசு. மூட்டையை வித்து மூவாயிரத்து ஐநூறுதான் கட்டினேன். நான் எங்கே போக 5,300-க்கு"ன்னு பட்டுன்னு சொல்லிட்டாங்க. அதையும் நாம மறக்கக் கூடாது.

நடந்தது என்னன்னா, அந்தக் கூட்டத்து அன்னைக்கு நோட்டு எழுதுறவங்களுக்குக் காய்ச்சல். பக்கத்தில் இருந்தவங்க எழுதியிருக்காங்க. பாஸ்புக்கில் சரியா எழுதிட்டு, ரொக்கப் புத்தகத்தில் எழுதும்போது மூணும் அஞ்சும் இடம் மாறிடுச்சு. பேரேட்டை ரொக்கப் புத்தகத்தைப் பார்த்து எழுதினதால் அங்கேயும் அதே 5,300. காசு எங்கேயும் போகலை. வராத காசை வந்ததா எழுதியிருக்கு.

இத்தோட முடிஞ்சதுன்னு நாங்க நினைச்சோம். ஒருத்தர் வெள்ளை மை எடுத்துக்கிட்டு வந்து 5,300-ஐ அழிக்கப் போனாங்க. அக்கா கையைப் பிடிச்சுட்டாங்க. "அழிச்சா நாளைக்குப் பார்க்கிறவங்களுக்கு என்ன இருந்ததுன்னு தெரியாது. அழிச்ச இடம்னாலே சந்தேகம்தான்." தப்பான தொகை மேல படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு, மேலே சரியான தொகை, பக்கத்தில் தேதியும் ஊக்குநர், ரெண்டு பிரதிநிதிகள் கையெழுத்தும். பேரேட்டிலும் அப்படியே.

அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் அக்கா ஒரு தீர்மானம் எழுதச் சொன்னாங்க. இந்தத் தேதியில் இந்தப் பக்கத்தில் 3,500 என்பது 5,300 என்று தவறாகப் பதிவாகி இருந்தது, குழுப் பணத்தில் எந்தக் குறைவும் இல்லை, பாங்குக்குப் பணம் கொண்டு சென்ற பிரதிநிதி மீது எந்தத் தவறும் இல்லை என்று உறுப்பினர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்கிறோம். அதைச் சத்தமா ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. 12 பேரும் கையெழுத்துப் போட்டாங்க. "சீருக்கு எங்கிருந்து காசு"ன்னு சொன்னவங்களும் போட்டாங்க. போட்டுட்டு அந்த அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாங்க, ஒண்ணும் பேசலை. அக்காவும் யாரையும் மன்னிப்புக் கேளுன்னு சொல்லலை. எனக்கு அது அப்போ குறையாத் தெரிஞ்சது. இப்போ யோசிச்சா, எல்லாரும் ஒரே தெருவில்தானே இருக்கணும்.

அந்த மாசத்திலிருந்துதான் நம்ம கூட்டமைப்பில் கூட்டம் முடியறதுக்கு முன்னாடி காசை எல்லார் முன்னாடியும் எண்ணி, எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, ஒருத்தர் பாஸ்புக்கைப் படிக்க இன்னொருத்தர் ரொக்கப் புத்தகத்தைச் சரி பார்க்கிறது வழக்கமாச்சு. சலான் துண்டு நோட்டில் ஒட்டாம அடுத்த கூட்டம் ஆரம்பிக்காது. புதுசா வர்றவங்க, "ஏன் இவ்வளவு நேரம் ஆக்கறீங்க"ன்னு சலிச்சுக்கிறீங்க. பத்து நிமிஷம்தான் ஆகுது. காரணம் இதுதான்.

இன்னொண்ணு. அக்காவை மூணு தடவை பொருளாளரா நிக்கச் சொன்னோம். மூணு தடவையும் மாட்டேன்னுட்டாங்க. செக்கில் கையெழுத்துப் போடவும் மாட்டாங்க, பாங்குக்குக் காசு கொண்டுபோகவும் மாட்டாங்க. சிலர் அதைக் கர்வம்னு நினைச்சாங்க. அக்கா சொன்னது, "எழுதுறவ காசைத் தொடக் கூடாது. ரெண்டும் ஒரே கையில் இருந்தா, அந்தக் கை சுத்தமா இருந்தாலும் அதை நிரூபிக்க வழி இல்லை." இவ்வளவு வருஷத்தில் கூட்டமைப்புப் பணத்தில் ஒத்தை ரூபாய் அக்கா கையால் பாங்குக்குப் போனது இல்லை.

இப்போ அக்காவுக்கு வயசு 62. ரெண்டு கண்ணிலும் புரை எடுத்தாச்சு. முட்டி வலி, கீழே உட்கார்ந்தா எழுந்திரிக்க ஒருத்தர் கை கொடுக்கணும். மகன் ஓசூரில் இருக்கார், அங்கே போறாங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா என்னையும் கீழத்தெருத் தங்கச்சியையும் உட்கார வச்சு நோட்டை ஒப்படைச்சாங்க. ஒப்படைச்ச பட்டியல் மட்டும் நாலு பக்கம். எந்த வருஷத்துப் பேரேடு எந்த அலமாரியில், செக் புத்தகத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைக்கும் மிச்சம், கெட்டுப்போய்க் கிழிக்காம வச்சிருக்கிற செக் எத்தனை, முத்திரை ஒண்ணு, சாவி ரெண்டு, எல்லாம் எழுதி, தலைவியும் செயலாளரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. கீழத்தெருத் தங்கச்சி செல்போனில் கணக்கு ஏத்துறதில் கெட்டிக்காரி. அக்கா அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டாங்க: முதல்ல நோட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் அதே நாளில் போன். போனைப் பார்த்து நோட்டு எழுதாதே.

அக்கா, உங்க சத்தம் இல்லாம கூட்டம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலை. எங்க மாமியார் இப்போ நடக்க முடியாம வீட்டில் இருக்காங்க. வர முடியலை. "அவகிட்ட சொல்லு, அந்த 50 ரூபாய்க் கோவம் எல்லாம் அந்த ரெண்டு மாசத்தோடயே போச்சு, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல்லு"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டேன். வரணும்.

கடைசியா, இந்த விழாவுக்கான வரவு செலவு. படிக்காம விட்டா அக்கா மேடையிலேயே கேட்பாங்க. 18 குழுக்களிலிருந்து குழுவுக்கு 250 வீதம் வரவு 4,500 ரூபாய். அக்காவுக்குப் புடவை 1,950. இனிமேல் தரையில் உட்கார வேண்டாம்னு கை வச்ச நாற்காலி ஒண்ணு 1,450. மாலை, பூ 300. டீ, போண்டா 530. மொத்தச் செலவு நாலாயிரத்து இருநூற்று முப்பது ரூபாய். மீதி இருநூற்று எழுபது ரூபாய் இன்னைக்கு எல்லார் முன்னாடியும் எண்ணி, பொருளாளர் அக்கா கையில் கொடுத்தாச்சு. நாளைக்குப் பாங்கில் கட்டிடுவாங்க. நாற்காலி ரசீது நோட்டில் ஒட்டியிருக்கு அக்கா, நீங்க பார்த்துக்கலாம்.